உடன் வேலை பார்ப்பவரின் அப்பாவோ அம்மாவோ தவறிவிட்டால்: நாலு வரி இரங்கல் எழுதும் முறை

காலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது: இன்னாருடைய அப்பா நேற்று இரவு தவறிவிட்டார். அடுத்த பத்து நிமிடத்தில் "ஆழ்ந்த இரங்கல்", "ஆர்ஐபி", கைகூப்பும் படம், மறுபடி "ஆழ்ந்த இரங்கல்" என்று வரிசையாக வந்து விழும். நீங்களும் அதில் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அவர் தினமும் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர், மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுகிறவர் என்றால் தனியாக நாலு வரி அனுப்பலாம் என்று தோன்றும். அங்கேதான் கை ஓடாது. என்ன எழுதினாலும் போஸ்டரில் பார்த்த வாசகம் மாதிரியே இருக்கும்.

இந்த வழிகாட்டி அந்த நாலு வரிக்கு மட்டும். அனுபவத்தில் பார்த்ததில், இரங்கல் கெட்டுப்போவது பாசம் குறைந்து அல்ல, வரிகள் கூடிப்போய்த்தான். அதனால் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எடுப்பது என்பதைத்தான் அதிகம் பேசப்போகிறேன்.

ஒரு நிலைமையை வைத்துக்கொண்டே போவோம். கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒருவரை நீங்கள் "அக்கா" என்று கூப்பிடுகிறீர்கள், நீங்கள் பர்சேஸ். அக்காவின் அப்பா மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். நேற்று இரவு தாராபுரம் பக்கம் சொந்த ஊரில் காலமாகிவிட்டார். மாசக் கடைசி, உங்களால் இன்றைக்கு ஊருக்குப் போக முடியாது.

எழுதும் முன்: யாரிடம் கேட்பது

முதலில் செய்தியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தவறியது அப்பாவா, மாமனாரா? அக்காவின் சொந்த ஊரா, புகுந்த வீடா? குழுவில் "அவங்க ஃபாதர்" என்று ஒருவர் போட்டது "ஃபாதர் இன் லா"வாக இருந்து, நாலு பேர் அதே தப்போடு இரங்கல் சொன்ன கதை எல்லா ஆபீஸிலும் உண்டு. இதை அக்காவிடம் கேட்காதீர்கள். "எப்போ எடுக்கிறாங்க?" என்ற கேள்வியையும் அவரிடம் கேட்காதீர்கள். அவருக்கு நெருக்கமான இன்னொருவரிடமோ, மேனேஜரிடமோ, முதலில் செய்தி போட்டவரிடமோ கேளுங்கள். அன்றைக்கு அக்கா பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் உங்களுடையது ஒன்று குறைய வேண்டும்.

எடுக்கும் நேரம் தெரிந்தால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்: போக முடியுமா, முடியாதா. போக முடிகிறவர் போய்விடுவதே நல்லது. துக்கம் விசாரிக்க நேரில் போய் நிற்பதற்கு எந்த மெசேஜும் ஈடாகாது. ஆனால் நேரம் குறைவு. பல வீடுகளில் அன்றைக்கோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள். முஸ்லிம் வீடுகளில் ஜனாஸா தொழுகையும் நல்லடக்கமும் முடிந்தவரை சீக்கிரம் நடந்துவிடும். போக முடியாது என்று முடிவாகிவிட்டால் அன்றைக்கே மெசேஜ் போய்ச் சேரட்டும்.

போன் யார் கையில் இருக்கும்

துக்க வீட்டில் அவரவர் போன் அவரவர் கையில் இருக்காது. அக்காவின் போனை அவருடைய வீட்டுக்காரரோ தம்பியோ சித்தி பையனோ வைத்துக்கொண்டு, வருகிற அழைப்பையெல்லாம் எடுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மெசேஜை முதலில் படிப்பது அவர்களாக இருக்கலாம், அதையும் சத்தமாக.

அதனால் இரண்டு விஷயம். மெசேஜின் கடைசியில் உங்கள் பெயரையும் எந்தப் பிரிவு என்பதையும் போடுங்கள். உங்கள் நம்பர் அக்காவின் போனில் வேறு ஏதோ பெயரில் பதிவாகி இருக்கலாம். இரண்டாவது, உங்கள் இருவருக்குள் மட்டும் நடக்கும் கேலி, செல்லப் பெயர், ஆபீஸ் ரகசியம் எதுவும் உள்ளே வேண்டாம். வீட்டார் யார் படித்தாலும் கூச்சப்படாமல் இருக்க வேண்டும்.

முதலில் தானாக வருவதை எழுதிவிடுங்கள்

வாட்ஸ்அப்பில் நேராகத் தட்டாமல், போனில் குறிப்பு எழுதும் இடத்தில் எழுதுங்கள். முதல் தடவை வருவது இப்படித்தான் இருக்கும்:

> அன்புள்ள அக்கா, தங்கள் தந்தையார் காலமான செய்தி கேட்டு மிகுந்த அதிர்ச்சியும் வேதனையும் அடைந்தேன். அவரது ஆன்மா சாந்தியடைய இறைவனைப் பிரார்த்திக்கிறேன். இந்தப் பேரிழப்பைத் தாங்கும் சக்தியை இறைவன் உங்களுக்கு அளிக்கட்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள்தான் தைரியமாக இருக்க வேண்டும். எந்த உதவி தேவைப்பட்டாலும் தயங்காமல் கூப்பிடுங்கள்.

இதில் தப்பு என்று எதுவும் இல்லை. மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எந்த ஆபீஸில் இருந்து, யார், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். வரி வரியாகப் பார்ப்போம்.

"அன்புள்ள", "தங்கள் தந்தையார்". நேற்று வரை "அக்கா, சாப்பிடலாமா" என்று கூப்பிட்டவர், இன்றைக்குத் திடீரென்று "தங்கள் தந்தையார்" என்றால் துக்கத்தோடு சேர்ந்து ஒரு தூரமும் வந்துவிடுகிறது. தினமும் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள். "உங்க அப்பா" என்றுகூட வேண்டாம், "அப்பா" போதும். வெறும் "அப்பா" என்று சொல்லும்போது அவரை நீங்களும் வீட்டு மனிதராகத்தான் நினைக்கிறீர்கள் என்பது தானாகத் தெரியும். மேலதிகாரிக்கு எழுதுவதானால்கூட "சார், அம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்பது மரியாதைக் குறைவு ஆகாது. அவர் உங்களிடம் எழுத்துத் தமிழிலேயே பேசுகிறவர் என்றால் மட்டும் "அம்மா காலமானார்கள் என்று அறிந்தேன்" என்று போங்கள்.

"மிகுந்த அதிர்ச்சியும் வேதனையும் அடைந்தேன்". இது உங்களைப் பற்றிய வரி. ஒரு வார்த்தையில் முடியும்: மனசே சரியில்ல. அதிர்ச்சி உண்மையில் இருந்ததா என்றும் யோசியுங்கள். அப்பா மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தது ஆபீஸுக்கே தெரியும் என்றால் "அதிர்ச்சி" என்ற வார்த்தை பொய்யாகக் கேட்கும்.

"ஆன்மா சாந்தியடைய". இந்த வரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இரங்கல் என்றாலே இது வந்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே நம்பிக்கை உள்ள வீடு, அவர்களும் அப்படித்தான் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால் தாராளமாக எழுதலாம். ஆனால் சுயமரியாதைக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இந்த வரி உறுத்தும். அவர்கள் வீட்டில் "இயற்கை எய்தினார்" என்றுதான் அறிவிப்பே போடுவார்கள். கிறிஸ்தவ வீட்டில் சொல்லும் முறை வேறு, முஸ்லிம் வீட்டில் வேறு. முஸ்லிம் நண்பருக்கு "இன்னா லில்லாஹி" வாசகத்தை எங்கிருந்தோ நகல் எடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அது அவர்கள் நம்பிக்கையோடு சொல்லும் வாசகம். எழுத்துப் பிழையோடு போனால் பிழைதான் கண்ணில் படும். சந்தேகம் இருந்தால் வரியையே எடுத்துவிடுங்கள். அது இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

"அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள்தான் தைரியமாக இருக்க வேண்டும்". எடுக்க வேண்டிய வரிகளில் முதல் வரி இதுதான். ஆறுதல் மாதிரி தெரிகிறது, உள்ளே இருப்பது கட்டளை. அக்காவுக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? அழ வேண்டிய நாளில் அழக் கூடாது என்று ஆபீஸில் இருந்து ஒரு உத்தரவு எதற்கு?

"எந்த உதவி தேவைப்பட்டாலும்". மனதாரச் சொல்வதுதான். ஆனால் என்ன உதவி, யாரிடம், எப்போது கேட்பது என்று யோசிக்கும் வேலை அக்கா தலையில் விழுகிறது. கடைசியில் யாரும் கேட்பதில்லை.

நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்று

இப்போது எடுத்த வரிகளின் இடத்தில் என்ன வைப்பது? ஒன்றே ஒன்று: அவருடைய அப்பாவை நீங்கள் பார்த்த ஒரு தருணம். பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சின்னதாக இருந்தால்தான் நம்பும்படி இருக்கும். போன மழைக்காலத்தில் அக்கா டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வந்த அன்று, அப்பா டிவிஎஸ் வண்டியில் அதைக் கொண்டுவந்து செக்யூரிட்டி கேபின் ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றார். வாங்க வந்த உங்களைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதை அப்படியே எழுதுங்கள்.

"அப்பா ரொம்ப நல்ல மனுசன்", "தங்கமானவர்" என்று நூறு பேர் சொல்லிவிடுவார்கள். மழையில் நின்றதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. அக்காவுக்கே அது தெரியாமல் இருக்கலாம். அவர் போனபிறகு அவரைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தி அக்காவுக்குக் கிடைக்கிறது.

பார்த்ததே இல்லை என்றால்? பார்த்த மாதிரி எழுதாதீர்கள். அக்கா பேச்சில் அப்பா எப்படி வருவார் என்று யோசித்துப் பாருங்கள். "தினமும் சாயங்காலம் அஞ்சரைக்கு அப்பாகிட்ட இருந்து போன் வரும், நீங்க சிரிச்சுட்டே எடுப்பீங்க. அப்படித்தான் எனக்கு அப்பாவைத் தெரியும்." அம்மா தவறியவருக்கு அவர் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தில் நீங்கள் பங்கு போட்டுச் சாப்பிட்டது போதும். அதுவும் இல்லையா, அப்படியானால் இந்த வரியை விட்டுவிடுங்கள். மூன்று வரி மெசேஜும் முழு மெசேஜ்தான்.

ஒரு எச்சரிக்கை. அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, குடியால் வீடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும் என்கிற நிலைமையும் உண்டு. அங்கே அப்பாவைப் புகழ்ந்து ஒரு வார்த்தையும் வேண்டாம், "எல்லாத்தையும் மறந்துடுங்க" என்ற சமாதானமும் வேண்டாம். "உங்களைத்தான் நினைச்சுட்டு இருக்கேன்" என்று அவரைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

ஒரு சுமையை இறக்கிவையுங்கள்

சக ஊழியரால் செய்ய முடிவதும் உறவினரால் முடியாததும் ஒன்று இருக்கிறது: ஆபீஸ் வேலை. மாசக் கடைசியில் அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு, துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் மனசின் ஒரு மூலையில் பில் ஓடிக்கொண்டிருக்கும். எனவே கேட்காமல், செய்துவிட்டுச் சொல்லுங்கள். மேனேஜரிடம் பேசி யார் எதைப் பார்ப்பது என்று முடிவானபிறகு, "மாசக் கடைசி பில்லு நாங்க பாத்துக்கறோம்" என்று எழுதுங்கள். முடிவாகாமல் எழுதினால், இரண்டு நாள் கழித்து வேறு யாரோ அக்காவைக் கூப்பிட்டு பாஸ்வேர்டு கேட்பார்கள். உங்கள் வரி அங்கே பொய்யாகிவிடும்.

லீவு லெட்டர், இன்சூரன்ஸில் பெற்றோர் பெயரை மாற்றுவது, சான்றிதழ் நகல் கொடுப்பது இதெல்லாம் முதல் மெசேஜில் வரவே கூடாது. எச்ஆர் கேட்டாலும், "நான் அப்புறம் சொல்லிக்கறேன்" என்று நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதை வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து, "சர்டிபிகேட் விஷயம் யார் பாக்கறாங்க? வேணும்னா நான் அலையறேன்" என்று கேட்டால் அது நிஜமான உதவி. முதல் நாளில் கேட்டால் அதுவே ஒரு தொல்லை.

கடைசி வரி, பதில் வேண்டாம் என்பது. நன்றி சொல்ல வேண்டிய பட்டியலில் இருந்து உங்கள் பெயரை நீங்களே அடித்துவிடுகிறீர்கள்.

எல்லாம் சேர்ந்தால் இப்படி வருகிறது:

> அக்கா, அப்பா தவறிட்டாங்கன்னு காலைல கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல. போன மழைல உங்க டிபன் பாக்ஸ் கொண்டுவந்து கேட் பக்கத்துல நனைஞ்சுட்டு நின்னாங்க, அப்பவும் என்னைப் பாத்து "நீ சாப்பிட்டியா கண்ணு"ன்னு கேட்டாங்க. அது கண்ணுலயே நிக்குது. மாசக் கடைசி பில்லு நாங்க பாத்துக்கறோம், சார்கிட்டயும் பேசியாச்சு. இதுக்குப் பதில் போட வேண்டாங்க்கா.
> (உங்கள் பெயர்), பர்சேஸ்

முதலில் எழுதியதும் இதுவும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். ஆனால் இதை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது.

உங்களைவிடச் சின்னவருக்கு என்றால் "டேய்", "பா", "மா" என்று எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படி. இறந்தவருக்கு மட்டும் மரியாதை குறையக் கூடாது. "அப்பா தவறிட்டாரு", "தவறிட்டாங்க" இரண்டும் சரி. "செத்துட்டாரு" வாயில் வந்தாலும் எழுத்தில் வேண்டாம்.

அனுப்பும் முன் தேட வேண்டியவை

எழுதியதை ஒரு தடவை மெல்லச் சத்தமாகப் படியுங்கள். இந்த மூன்று வகை வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று, காரணம் கேட்பது. "எப்படி ஆச்சு?", "என்ன வயசு?", "ஹாஸ்பிட்டல்ல சேர்த்தீங்களா?" அவர் அன்றைக்கு இதையே ஐம்பது பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சில சமயம் காரணம் சொல்ல முடியாததாகவும் இருக்கும்.

இரண்டு, கணக்குப் பார்ப்பது. "வயசானவங்கதானே", "கஷ்டப்படாம போய்ட்டாங்க", "பேரன் பேத்தி பாத்துட்டாங்க, கல்யாணச் சாவு". இதெல்லாம் துக்க வீட்டுத் திண்ணையில் சொந்தக்காரர்களே சொல்லிக்கொள்வார்கள், அக்காவேகூட நாளைக்குச் சொல்லலாம். அவர் சொன்னால் தலையாட்டலாம். நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

மூன்று, உங்கள் கதை. "எங்க அப்பா போனப்ப நானும் இப்படித்தான்..." உண்மையான பாசத்தில் வருவது, ஆனால் படிப்பவர் அன்றைக்கு உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். இரண்டு மாதம் கழித்து டீக்கடையில் நிற்கும்போது சொல்லுங்கள்; அப்போது அது அவருக்குத் தேவைப்படும்.

விளக்கு எரியும் படம், ரோஜாப்பூ, "ஃபார்வர்டு" என்று மேலே எழுதி வரும் கவிதை எதுவும் வேண்டாம். குரல் பதிவும் வேண்டாம்: நாலு பேர் நடுவில் அதை ஒலிக்கவிட முடியாது. அனுப்பிய பிறகு தப்பு கண்ணில் பட்டால் வாட்ஸ்அப்பில் 15 நிமிடம் வரை திருத்தலாம். அதற்குமேல் போய்விட்டால் விட்டுவிடுங்கள். அழித்துவிட்டு மறுபடி அனுப்பினால், அழித்ததற்கான அடையாளம் அங்கே நிற்கும், என்னவோ என்று தோன்றும்.

ஆபீஸ் குழுவிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள், வெறும் "ஆழ்ந்த இரங்கல் அக்கா" போதும். மழையில் நின்ற கதையைக் குழுவில் போடாதீர்கள். கீழேயே யாராவது டிஸ்பாட்ச் கேட்டு மெசேஜ் போட்டிருப்பார்கள்.

செய்தி தாமதமாகத் தெரிந்தால், "லேட்டா சொல்றதுக்கு மன்னிச்சுடுங்க, ஊர்ல இல்ல, போன் ரிப்பேர்" என்று நீட்ட வேண்டாம். "இப்பத்தான் தெரிஞ்சுதுக்கா" என்று தொடங்கி மேலே சொன்னபடியே போங்கள். பத்து நாள் கழித்து வந்தாலும் பரவாயில்லை. உண்மையில் அப்போது மெசேஜ் வருவதே குறைந்திருக்கும், அதனால் கவனமாகப் படிப்பார்கள்.

அதற்கப்புறம்

காரியம் முடியும்வரை, பல வீடுகளில் பதினாறாம் நாள், சில வீடுகளில் பதிமூன்று, இலங்கைத் தமிழர் வீடுகளில் 31ஆம் நாள் அந்தியேட்டி, அதுவரை வேலை விஷயமாக எதுவும் கேட்காமல் இருக்க முடிந்தால் நல்லது. நடுவில் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பலாம்: "சாப்பிடறீங்களா அக்கா? பில்லு எல்லாம் போயிடுச்சு." அதற்குப் பதில் வந்தாலும் வராவிட்டாலும் சரி.

அக்கா வேலைக்குத் திரும்பும் நாளில் எல்லோரும் சுற்றி நின்று மறுபடி முதலில் இருந்து விசாரிப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டதால் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டியதில்லை. "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, எந்தெந்த பில் போனது, எது நிற்கிறது என்று எழுதிய தாளை அவர் மேஜையில் வைத்துவிடுங்கள். அழுகை வந்தால் வரட்டும், நீங்கள் கிளறிவிட வேண்டாம்.

அப்புறம் ஒன்று பலர் மறப்பது. பெற்றவர் தவறிய வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கொண்டாட மாட்டார்கள், பெரும்பாலான குடும்பங்களில் இதுதான் வழக்கம். அந்தத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீங்கள் எல்லோருக்கும் மொத்தமாக அனுப்பும் வாழ்த்து, பட்டாசுப் படத்தோடு அக்காவுக்கும் போய்விடும். வாட்ஸ்அப்பில் அந்த அனுப்பும் பட்டியலைத் திறந்து அக்கா பெயரை இப்போதே எடுத்துவிடுங்கள், தீபாவளிக்கு முந்தின நாள் ஞாபகம் வராது. பலகாரம் வேறு விஷயம்: பல ஊர்களில் துக்கம் உள்ள வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் கொடுத்தனுப்புவார்கள். நீங்களும் ஒரு டப்பாவில் முறுக்கு கொண்டுபோய்க் கொடுக்கலாம், வாழ்த்து எதுவும் சொல்லாமல்.